மாங்கூழ் ஆலை வேலைக்குச் சரி சொன்ன பிறகு வேறு நல்ல வேலை வந்தால்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் உணவுத் தொழில்நுட்பமோ வேதியியலோ படித்து முடித்தவர்களில் பலருக்கு முதல் வேலை மாங்கூழ் ஆலையில்தான் கிடைக்கிறது. ஊரில் ஜூஸ் பேக்டரி என்பார்கள். கியூசி எனும் தரக்கட்டுப்பாடு, லேப் வேலைகளுக்கு மார்ச், ஏப்ரலில் ஆள் எடுப்பார்கள். மே நடுவில் பழம் வரத் தொடங்கும். ஜூனும் ஜூலையும் பெங்களூரா ரக மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும் காலம். கல்லூரி முடித்தவர்களுக்குப் பெரிய கம்பெனிகளிலிருந்து அழைப்பு வருவதும் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான். அதனால் ஓர் ஆலைக்குச் சரி என்று சொல்லிவிட்டு, பத்து நாளில் வேறு வேலைக்கான கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். முதல் ஆலையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே விஷயம்.

சேராமல் விடுவதில் தவறில்லை. சட்டப்படியும் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. ஆனால் சொல்லும் நேரமும் விதமும் தவறினால் அதன் விளைவு நாலைந்து வருடம் கூடவே வரும்.

ஆலைக்காரருக்கு எங்கே வலிக்கிறது

மற்ற தொழில்களில் ஓர் ஆள் சேரவில்லை என்றால் இன்னொருவரைத் தேட ஒரு மாதம் இருக்கும். இங்கே அந்த அவகாசம் கிடையாது. பழுத்த பழம் காத்திருக்காது. ஒவ்வொரு பேட்சுக்கும் சர்க்கரை அளவான பிரிக்ஸ் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, பிஎச் எவ்வளவு என்று பார்த்து எழுதி, கிருமி புகாமல் கூழ் அடைத்த அசெப்டிக் பையிலிருந்து மாதிரி எடுத்து இன்குபேஷனில் வைத்து, பை உப்புகிறதா என்று நாள்தோறும் கவனிக்க ஆள் வேண்டும். பெங்களூரா கூழுக்கு 14 பிரிக்ஸ் கேட்டிருக்கும் ஏற்றுமதியாளருக்கு அந்தத் தாள்கள் இல்லாமல் ஒரு டிரம்கூடப் போகாது.

புதிதாக வருபவர்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனைகளில், உற்பத்தியை மேற்பார்வையிடத் தொழில்நுட்பத் தகுதியுள்ள ஒருவராவது ஆலையில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும் என இவற்றில் ஒன்றில் அறிவியல் பட்டம், அல்லது உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவராக அவர் இருக்க வேண்டும். சிறிய ஆலைகளில் அந்தத் தகுதி உள்ளவர் ஒருவரோ இருவரோதான். நீங்கள் சரி சொன்னதுமே உங்கள் சான்றிதழ் நகலை உரிமத் தாள்களோடு வைத்திருப்பார்கள். வாங்குபவரின் தணிக்கைக்கான ஆள் பட்டியலிலும் உங்கள் பெயர் ஏறியிருக்கும். நீங்கள் விலகினால் அதையெல்லாம் மாற்ற வேண்டும். ஏப்ரல் 20-இல் தெரிந்தால் மாற்றிவிடலாம். மே 15-இல் தெரிந்தால் ஆலையை ஓட்டுவதா, ஆளைத் தேடுவதா என்று தெரியாமல் திண்டாடுவார்கள்.

அதனால் நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, சீக்கிரம் சொல்வது. மன்னிப்பும் நல்ல வார்த்தையும் அதற்குப் பிறகுதான்.

வட்டம் எவ்வளவு சிறியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆலை முதலாளிகள் ஒரே சங்கத்துக்காரர்கள், ஒரே மண்டியில் பழம் பேசுகிறவர்கள். பாய்லரும் அசெப்டிக் பில்லரும் பழுது பார்க்கிற மெக்கானிக்குகள் ஆலைக்கு ஆலை போகிறவர்கள். வாங்குகிற கம்பெனியின் தணிக்கையாளர் இன்றைக்குக் காவேரிப்பட்டணத்தில் இருந்தால் நாளைக்குப் பர்கூரில் இருப்பார். ஓசூரில் பெரிய உணவுக் கம்பெனியில் சேர்ந்தாலும், அந்தக் கம்பெனியே இந்த ஆலையிடம் கூழ் வாங்குகிறதாக இருக்கலாம். அப்போது வாசலில் உங்களுக்கு எதிரே வந்து நிற்பவர் அதே முதலாளிதான்.

ஓர் உதாரணம்

காரிமங்கலம் பக்கத்துப் பெண், உணவுத் தொழில்நுட்பம் முடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் சீனியராக இருந்த ஓர் அண்ணன் சொல்லி, கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில் உள்ள ஓர் ஆலையில் கியூசி வேலை கிடைக்கிறது. சம்பளம் 18,000 ரூபாய், தங்கலும் சாப்பாடும் ஆலையிலேயே. மே 2 சேர வேண்டும், சீசன் நாலு மாதம். ஏப்ரல் 10 அன்று போனில் சரி சொல்லி, மெயிலிலும் பதில் போட்டுவிட்டார். அறைச் சாமான் வாங்கிக்கொள்ள 3,000 ரூபாய் முன்பணமும் வாங்கியிருக்கிறார். ஏப்ரல் 21 அன்று ஓசூர் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வருகிறது. மாதம் 24,000, நிரந்தர வேலை, சேர வேண்டிய நாள் மே 5.

பார்த்த உடனே 6,000 ரூபாய் கூடுதல் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் பிஎஃப் 1,440 பிடிப்பார்கள். ஓசூரில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 7,500 போனால் கையில் நிற்பது 15,000 சொச்சம். ஆலையில் தங்கலும் சாப்பாடும் அவர்களே தருவதால் 18,000 கிட்டத்தட்ட முழுதாக நிற்கும். ஆக மாதக் கணக்கில் ஆலைதான் மேல். ஆனால் ஆலையில் நாலு மாதத்துக்கு 72,000, ஓசூரில் வருடத்துக்கு 1,80,000. உண்மையான வித்தியாசம் வருடம் முழுக்க வேலை என்பதுதான்.

இந்தக் கணக்கை அவசியம் போட்டுப் பாருங்கள். முதலாளியிடம் என்ன காரணம் சொல்வது என்பதும் இதிலிருந்துதான் கிடைக்கிறது. "சம்பளம் அதிகம்" என்றால் பேரம் தொடங்கும், மனசும் புண்படும். "வருசம் முழுக்க வேலை" என்றால் அது உண்மை. சீசன் ஆலைக்காரர் யாரும் அதைத் தன்னைக் குறைத்துப் பேசியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

போன் எடுப்பதற்கு முன்

முதலில் இரண்டாவது வேலை உறுதிதானா என்று பாருங்கள். "செலக்ட் ஆயிட்டீங்க, லெட்டர் வரும்" என்று ஹெச்ஆர் போனில் சொன்னதை நம்பி முதல் வேலையை விட்டவர்கள் இரண்டும் இல்லாமல் நின்றிருக்கிறார்கள். கம்பெனி பெயர் போட்ட கடிதம், சேரும் தேதி, சம்பளப் பிரிவு மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கடிதத்தின் கடைசியில் மருத்துவப் பரிசோதனைக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் உட்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அது முடிந்ததா, எப்போது முடியும் என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். நம் உதாரணத்துப் பெண்ணுக்கு ஏப்ரல் 22 காலையில் பதில் வருகிறது: பரிசோதனை 23 அன்று ஓசூரிலேயே, அதே நாளில் முடிவு. அப்படியென்றால் 23 மாலை வரை பொறுத்திருந்து 24 காலையில் ஆலைக்குச் சொல்லலாம். அதைத் தாண்டி ஒரு நாளும் தள்ளக் கூடாது.

அந்த இடைவெளியில் ஓசூர் கம்பெனியிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: "செப்டம்பரில் சேர்ந்தால் ஆகுமா?" பெரும்பாலும் ஆகாது என்பார்கள். ஆகும் என்று சொல்லிவிட்டால் சீசனை முடித்துக்கொடுத்துவிட்டே போகலாம், யாரிடமும் மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பதால் வேலை போகாது. ஒரே ஒரு முறை, பணிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆலையில் எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், என்னவெல்லாம் வாங்கியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முன்பணம், சீருடை, சிம், அறைச் சாவி, அவர்களிடம் உள்ள அசல் சான்றிதழ். பாண்டுப் பத்திரத்திலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு சங்கதி. அதன் நகலை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போன் எடுங்கள்.

கடைசியாக, ஓசூர் வேலைக்கு எழுத்தில் சம்மதம் அனுப்பிவிடுங்கள். இது முடிந்த பிறகுதான் ஆலைக்குப் போன். இரண்டு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் குரலிலேயே தெரிந்துவிடும்.

யாரிடம் முதலில்

வேலைக்குச் சொல்லிவிட்ட அண்ணன் இருக்கிறார் அல்லவா, அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். முதலாளி கோபத்தில் அவரைக் கூப்பிட்டு, "நீ அனுப்புன பொண்ணு இப்படிப் பண்ணிடுச்சே" என்று கேட்கும்போது அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால், அவருடைய பெயரும் சேர்ந்து கெடும். அடுத்த வருடம் அவர் சொல்லும் இன்னொரு ஜூனியரை அங்கே எடுக்க மாட்டார்கள்.

அதே சமயம் அவர் உங்களை முந்திக்கொண்டு முதலாளியிடம் சொல்லிவிடவும் கூடாது. "அண்ணா, இன்னும் கால் மணி நேரத்துல நானே சார்கிட்டப் பேசப் போறேன். அதுவரைக்கும் நீங்க சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரியாம நடந்த மாதிரி ஆகக் கூடாதுன்னுதான் முதல்ல கூப்பிட்டேன்" என்றால் போதும். சொன்னபடி கால் மணி நேரத்தில் பேசிவிடுங்கள். அப்பாவோ மாமாவோ உங்களுக்காகப் பேசுகிறேன் என்பார்கள், வேண்டாம். வேலை கேட்டுப் போனது நீங்கள்தான், விலகுவதையும் நீங்களே சொல்லுங்கள்.

போனில் பேசுவது

சீசனுக்கு முன்பு முதலாளிகள் காலையில் தோப்பு பார்க்கப் போய்விடுவார்கள், அல்லது லைன் டிரையல் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பதினோரு மணிக்கு மேல் கூப்பிடுவது நல்லது. எடுக்கவில்லை என்றால், "சார், ஒரு முக்கியமான விஷயம் பேசணும், எப்போ கூப்பிடலாம்?" என்று மட்டும் அனுப்புங்கள். விலகும் செய்தியை அதில் போடாதீர்கள். மாலைக்குள் பேச முடியாவிட்டால் அன்றே ஆலை மேனேஜரிடம் சொல்லி, முதலாளியிடம் பேச நேரம் கேளுங்கள்.

பேச்சு இப்படி இருக்கலாம்:

"சார், வணக்கம். மே 2 கியூசில சேர வேண்டிய பொண்ணு பேசறேன். நேரா உங்ககிட்டயே சொல்லணும்னு கூப்பிட்டேன். ஓசூர்ல வருசம் முழுக்க இருக்கிற வேலை ஒண்ணு கிடைச்சிருக்கு. அங்க சேரறதுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். அதனால நம்ம ஆலைக்கு வர முடியல. சீசனுக்கு முன்னாடி இது உங்களுக்குச் சிரமம்னு தெரியும். மன்னிச்சுக்குங்க சார்."

இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் "யோசிச்சிட்டு இருக்கேன்", "வர முடியாதுன்னு நினைக்கிறேன்" போன்ற வார்த்தைகள் இல்லாததைக் கவனியுங்கள். அப்படி இழுத்தால் அவர் உங்களை நம்பிக் காத்திருப்பார், வேறு ஆள் தேட மாட்டார். முடியாது என்பது முதல் முறையே தெளிவாகக் கேட்க வேண்டும்.

அவர் பக்கத்திலிருந்து வருவது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, "எவ்வளவு தர்றாங்க?" என்ற கேள்வி. தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. "சம்பளம் பெரிய வித்தியாசம் இல்ல சார், வருசம் முழுக்க வேலைங்கறதுதான்" என்று சொல்லிவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்திருப்பதால் இது உண்மையும்கூட.

இரண்டாவது, "நாங்களும் சீசன் முடிஞ்சு கொய்யா, தக்காளி ஓட்டறோம், உன்னை வருசம் பூரா வெச்சுக்கறேன்" என்று சொல்வது. இதற்குப் பதிலைப் போன் எடுக்கும் முன்பே மனதில் வைத்திருங்கள். சில ஆலைகளில் உண்மையிலேயே அப்படி ஓட்டுகிறார்கள். அது உங்களுக்கு வேண்டும் என்றால் ஓசூருக்குச் சம்மதம் அனுப்பும் முன்பே கேட்டிருக்க வேண்டும். அனுப்பிய பிறகு இந்தப் பக்கம் சாய்ந்தால், இரண்டாவது இடத்திலும் பேச்சு தவறியவராக ஆகிவிடுவீர்கள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேன் சார், இப்போ அங்க வாக்குக் கொடுத்துட்டேன்" என்று சொன்னால் அதை அவர் மதிப்பார். வியாபாரிக்கு வாக்கு என்றால் என்னவென்று தெரியும்.

மூன்றாவது, கோபம். "உன்னை நம்பி இன்னொரு பையனை வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்று சத்தம் போடலாம். குறுக்கே பேசாதீர்கள், நியாயம் சொல்லாதீர்கள். "ஆமாங்க சார், உங்களுக்குக் கஷ்டம்தான்" என்று ஒரு முறை சொல்லிவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். போனை அவரே வைக்கட்டும். அன்று மாலை திரும்பக் கூப்பிட்டுச் சமாதானம் செய்ய வேண்டாம்.

பொய் மட்டும் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்வது சுலபமாகத் தோன்றும். ஜூனில் அதே மெக்கானிக் ஓசூர் கம்பெனிக்கு வந்து உங்களைப் பார்ப்பார். சேராததைக்கூட ஒரு சீசனில் மறந்துவிடுவார்கள். பொய் சொன்ன ஆள் என்பதை மறக்க மாட்டார்கள், அதுவும் கியூசி வேலையில். பிரிக்ஸை மாற்றி எழுதமாட்டார் என்று நம்பித்தானே அந்த வேலைக்கு ஆளை எடுக்கிறார்கள்.

அதே நாளில் எழுத்தில்

பேசி முடித்த ஒரு மணி நேரத்துக்குள், முன்பு சம்மதம் அனுப்பிய அதே மெயிலுக்குப் பதிலாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில்தான் எல்லாம் நடந்தது என்றால் அதிலேயே போதும்.

"மதிப்புக்குரிய ஐயா, இன்று காலை போனில் சொன்னபடி, மே 2 அன்று கியூசி பணியில் சேர இயலாத நிலையில் இருக்கிறேன். எனக்கு வாய்ப்பளித்ததற்கு நன்றி. முன்பணம் 3,000 ரூபாயை இன்றே திருப்பி அனுப்பியுள்ளேன். உரிமத் தாள்களிலோ தணிக்கைப் பட்டியலிலோ என் பெயரும் சான்றிதழ் நகலும் இருந்தால் நீக்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்."

பெயரை நீக்கச் சொல்லும் வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் வேலை செய்யாத ஓர் ஆலையில் உங்கள் பெயரில் பொறுப்பு நிற்பது உங்களுக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல. ஓசூர் கம்பெனியின் பெயரை மெயிலில் எழுத வேண்டியதில்லை.

முன்பணத்தை வந்த வழியிலேயே திருப்புங்கள். ஜிபேயில் வந்திருந்தால் ஜிபேயில், எதற்கான பணம் என்று குறிப்புப் போட்டு அனுப்புங்கள். ரொக்கமாக வாங்கியிருந்தால் நேரில் கொடுத்துவிட்டு, கொடுத்ததாக ஒரு மெசேஜ் போடுங்கள். சாமான் வாங்கிச் செலவாகிவிட்டது என்றால் கடன் வாங்கியாவது கொடுங்கள். அசல் சான்றிதழ் அங்கே இருந்தால் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். போகும்போது சீருடை, சாவி எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுங்கள். இரண்டு தடவை அலைய வேண்டாம்.

மாற்று ஆள்

வேறு ஆள் யாராவது இருக்கிறார்களா என்று முதலாளி கேட்டால் மட்டுமல்ல, கேட்காவிட்டாலும் இரண்டு நாளில் ஒரு பெயர் கொடுக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறு எதுவும் இல்லை. உங்கள் வகுப்பிலேயே இன்னும் வேலை கிடைக்காதவர் யாராவது இருப்பார். அவரிடம் முதலில் கேளுங்கள்: சீசனில் 12 மணி நேர ஷிஃப்ட், இரவு ஷிஃப்டும் உண்டு, நாலு மாதம்தான், தங்கல் ஆலையில். ஒத்துக்கொண்டால் மட்டும் எண்ணைக் கொடுங்கள். கேட்காமல் நாலு பேர் எண்ணை அனுப்பி, நாலு பேரும் வேண்டாம் என்றால் உங்கள் மேல் இன்னும் எரிச்சல்தான் வரும்.

சேர்வதற்கு முன் நாலு நாள் வந்து லேப் செட் பண்ணிக் கொடுக்கிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். உங்கள் புதிய கம்பெனி அதே ஆலையிடம் கூழ் வாங்குகிறதாக இருந்தால் வேண்டாம், பின்னால் கேள்வி வரும். அப்படி இல்லையென்றால், மாற்று ஆளுக்கு ரிப்ராக்டோமீட்டர், பிஎச் மீட்டர் சரிபார்ப்பது எப்படி என்று ஒரு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தால்

இரண்டு நாள் வேலை பார்த்திருந்தாலும் அது விலகல், மறுப்பு அல்ல. நியமனக் கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் பார்க்க வேண்டும். பிஎஃபில் பதிந்திருந்தார்களா என்றும் கேளுங்கள். பதிந்திருந்தால், வெளியேறிய தேதியை அவர்கள் போர்ட்டலில் போட வேண்டும், இல்லையென்றால் புதிய கம்பெனியில் இரண்டு வேலை ஒரே சமயத்தில் ஓடுவதாகத் தெரியும். அவர்கள் போடாவிட்டால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே யுஏஎன் கணக்கில் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு

உறவு கெடவில்லை என்பது சில அறிகுறிகளில் தெரியும். மெயிலுக்கு "சரி" என்று ஒரு வார்த்தையாவது வரும். சான்றிதழை இழுத்தடிக்காமல் தருவார்கள். நீங்கள் கொடுத்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசியிருப்பார்கள். எதுவுமே வரவில்லை என்றால் கோபம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, சீசன் முடியும்வரை தொந்தரவு செய்யாதீர்கள். ஜூன், ஜூலையில் அவர்களுக்குத் தூங்கவே நேரம் இருக்காது.

ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆலையைப் பற்றிப் பேசாதீர்கள். நேர்காணலுக்குப் போனபோது பார்த்த லேப் எப்படி இருந்தது, யாருக்குக் கூழ் கொடுக்கிறார்கள், என்ன விலை என்று புதிய இடத்தில் கேட்பார்கள். "உள்ள போய் வேலை பாக்கல, தெரியாதுங்க" என்று முடித்துவிடுங்கள். நீங்கள் சொன்ன ஒரு வரி வாங்குபவர் மூலமாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

கிருஷ்ணகிரியில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சிக்கு ஆலைக்காரர்களும் வருவார்கள். அங்கே பார்த்தால் ஒதுங்கிப் போகாமல் வணக்கம் சொல்லி, சீசன் எப்படிப் போச்சு என்று கேளுங்கள். பழைய கதையை எடுக்க வேண்டாம், அவரே எடுத்தால் "ஆமாங்க சார்" போதும். அடுத்த மார்ச்சில் உங்கள் ஜூனியர் யாராவது வேலை தேடினால், அந்த ஆலைக்கு ஆள் வேண்டுமா என்று மேனேஜரிடம் கேட்டு எண்ணைக் கொடுங்கள். அந்த ஜூனியரிடம், சரி சொல்வதற்கு முன் வேறு எங்கெல்லாம் நேர்காணல் கொடுத்திருக்கிறாய், எப்போது முடிவு வரும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.